‘படிப்படி’யைத் திருப்பிப் போட்டால்

ஒரு தாளில் ‘படிப்படி’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ப, டி, ப், ப, டி என ஐந்து எழுத்து. இதில் எந்த எழுத்தை வேண்டுமானாலும் அடித்துவிடலாம். ஆனால் மிஞ்சுகிற எழுத்துகளை இடம் மாற்றக் கூடாது. அப்படி மிஞ்சுவது இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை எழுத்தை அடிக்க வேண்டியிருக்கும்?

கொஞ்சம் முயன்று பார்த்தால் விடை பிடிபடும். இரண்டு எழுத்தை அடித்தால் போதும். ‘ப்’ ஒன்றையும் கடைசி ‘டி’யையும் அடித்தால் ‘படிப’ மிஞ்சும். வேறு இரண்டை அடித்தால் ‘பப்ப’ கிடைக்கும், ‘டிப்டி’ கிடைக்கும், ‘டிபடி’யும் கிடைக்கும். இவற்றுக்கு அகராதியில் பொருள் தேடத் தேவையில்லை. இருபக்கமும் ஒன்றுபோல வாசிக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. மூன்றெழுத்துக்கு மேல் நீளமாக எதுவும் இந்தச் சொல்லில் இல்லை.

இருபக்கமும் ஒன்றாக வாசிக்கும் தொடருக்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பாடிய பதிகம் ஒன்றே இந்தப் பெயரில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் ‘விகடகவி’யைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மேலே கேட்ட கேள்வியில் முழுச் சொல்லும் மாலைமாற்றாக இருக்க வேண்டியதில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் மிக நீளமான மாலைமாற்றைத் தோண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் எழுத்துகளை விட்டுவிட்டுப் பொறுக்கலாம், வரிசை மட்டும் கலையக் கூடாது. இப்படிப் பொறுக்கியதைத் துணைவரிசை என்று அழைப்போம். அறுபடாமல் தொடர்ந்து வரும் துண்டு வேறு, துணைவரிசை வேறு. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ‘படிப்படி’யில் தொடர்ந்து வரும் துண்டுகளை மட்டும் பார்த்தால், ஓரெழுத்தைத் தாண்டிய மாலைமாற்று ஒன்றுகூடக் கிடைக்காது.

கையால் தேடுவது ஐந்தெழுத்து வரைக்கும் சரிப்படும். ஒவ்வொரு எழுத்தையும் வைத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம் என்பதால், ஐந்தெழுத்துக்கு 32 விதமாகப் பொறுக்கலாம். முப்பது எழுத்து என்றால் அது 107 கோடியைத் தாண்டிவிடும். ஐம்பது எழுத்துள்ள ஒரு வாக்கியத்தை இப்படிச் சோதிக்கக் கிளம்பினால் கணினியும் திணறும்.

இதற்குள் நுழைய நல்ல வாசல், சொல்லின் இரண்டு முனைகளையும் பார்ப்பதுதான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு, உள்ளே மிஞ்சும் பகுதியின் விடையோடு 2 கூட்டிக்கொள்ளலாம். வேறாக இருந்தால், அவை இரண்டும் சேர்ந்து ஒரு மாலைமாற்றின் இரு முனைகளாக முடியாது. ஆகவே ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். முதல் எழுத்தை விட்டால் என்ன விடை, கடைசி எழுத்தை விட்டால் என்ன விடை என்று இரண்டையும் பார்த்து, பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும்.

‘படிப்படி’யில் முதலில் ப, கடைசியில் டி. ஒத்துப்போகவில்லை. ஆகவே முதல் எழுத்தை விட்ட ‘டிப்படி’யையும் கடைசி எழுத்தை விட்ட ‘படிப்ப’வையும் கேட்கிறோம். ‘டிப்படி’யின் இரு முனையிலும் டி இருக்கிறது. உள்ளே ‘ப்ப’. ப் வேறு, ப வேறு என்பதால் அதற்குள் ஓரெழுத்துதான் தேறும். 1 கூட்டல் 2, ஆக 3. ‘படிப்ப’வின் இரு முனையிலும் ப. உள்ளே ‘டிப்’, அதிலும் ஓரெழுத்துதான். அங்கும் 3. இரண்டில் பெரியதும் 3.

இந்தச் சொல்லில் முனைகள் உடனே ஒத்துப்போனதால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒத்துப்போகாத நீளமான சொல்லில்தான் சங்கடம் தெரியும். முதல் எழுத்தை விட்டு, பிறகு கடைசியை விட்டாலும், கடைசியை விட்டு, பிறகு முதலை விட்டாலும் மிஞ்சுவது ஒரே நடுப்பகுதி. அதே கேள்வி இரண்டு வழியில் இரண்டு முறை வந்து நிற்கிறது. அடுத்தடுத்த படிகளில் அது பெருகிக்கொண்டே போகும். உண்மையில் n எழுத்துள்ள சொல்லில் ‘இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை’ என்று கேட்கக்கூடிய வெவ்வேறு கேள்விகள் n(n+1)/2 மட்டும்தான். ‘படிப்படி’க்கு அது 15. முப்பது எழுத்துக்கு 465. 107 கோடியை இந்த 465-க்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு முறை விடை கண்டு ஓர் அட்டவணையில் குறித்துவைத்துவிட்டால் போதும். முதலில் ஓரெழுத்துப் பகுதிகளுக்கு எல்லாம் 1. அடுத்து இரண்டெழுத்துப் பகுதிகள், பிறகு மூன்று என்று வளர்த்துக்கொண்டே போனால், பெரிய பகுதிக்கு வரும்போது அதற்கு வேண்டிய சின்ன விடைகள் ஏற்கெனவே கட்டத்தில் காத்திருக்கும். இந்த முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். 1950-களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் வைத்த பெயர் அது. அதில் உள்ள ‘புரோகிராமிங்’ கணினி நிரலைக் குறிப்பதில்லை, திட்டமிடலைக் குறிக்கிறது. நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def lps(s):
    n = len(s)
    L = [[0] * n for _ in range(n)]
    for i in range(n - 1, -1, -1):
        L[i][i] = 1
        for j in range(i + 1, n):
            if s[i] == s[j]:
                L[i][j] = L[i+1][j-1] + 2
            else:
                L[i][j] = max(L[i+1][j], L[i][j-1])
    return L[0][n-1]
```

இங்கே தொடக்க இடம் i பின்னாலிருந்து முன்னால் வருவதைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தை நிரப்ப அதற்கு அடுத்த வரிசையான i+1-இன் விடைகள் வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் அவை இன்னும் சுழியமாகவே கிடக்கும். விடை தப்பும், ஆனால் நிரல் ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடியும்.

இதே விடைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சொல்லைத் திருப்பி எழுதுங்கள். ‘படிப்படி’ திரும்பினால் டி, ப, ப், டி, ப. இப்போது நேர்ச்சொல்லிலும் திருப்பிய சொல்லிலும் பொதுவாக இருக்கும் மிக நீளமான துணைவரிசையைத் தேடுங்கள். அதன் நீளம்தான் நமக்கு வேண்டிய விடை. இரண்டு சரங்களுக்குப் பொதுவான துணைவரிசையைக் கண்டுபிடிப்பது கணினி உலகில் பழகிய வேலை. ஒரு கோப்பின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும் `diff` கட்டளை இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. அதற்கான அட்டவணை, நேர்ச்சொல்லைக் கீழ்நோக்கியும் திருப்பியதைக் குறுக்காகவும் வைத்தால், இப்படி வரும்:

| | டி | ப | ப் | டி | ப |
|---|---|---|---|---|---|
| ப | 0 | 1 | 1 | 1 | 1 |
| டி | 1 | 1 | 1 | 2 | 2 |
| ப் | 1 | 1 | 2 | 2 | 2 |
| ப | 1 | 2 | 2 | 2 | 3 |
| டி | 1 | 2 | 2 | 3 | 3 |

நிரப்பும் விதி எளிது. வரிசையின் எழுத்தும் நெடுக்கையின் எழுத்தும் ஒன்றானால், மேல் இடது மூலையில் உள்ள எண்ணோடு 1 கூட்டு. வேறானால், மேலே உள்ளதிலும் இடப்பக்கம் உள்ளதிலும் பெரியதை எழுது. கடைசிக் கட்டத்தில் 3. முதல் முறை தந்த அதே விடை.

இந்த இடத்தில்தான் ஒரு வகுப்பில் நான் மாட்டிக்கொண்டேன். நீளம் மட்டும் போதாது, அந்த மாலைமாற்றையே எடுத்துக் காட்டுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். எழுத்து ஒத்த கட்டங்களில் எழுத்தைக் குறித்துக்கொண்டு மூலைவிட்டமாக மேலே ஏற வேண்டும். ஒவ்வாத கட்டங்களில் மேலோ இடமோ, எது பெரியதோ அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு மாணவி எழுந்து, “சார், எனக்குப் பப்டின்னு வருது. இது மாலைமாற்று இல்லையே?” என்றார்.

அவர் செய்ததில் தப்பே இல்லை. நீங்களும் அட்டவணையில் விரலை வைத்துப் பார்க்கலாம். கடைசிக் கட்டத்தில் டி-யும் ப-வும் ஒவ்வாது. மேலேயும் 3, இடப்பக்கமும் 3. அவர் இடப்பக்கம் போனார். அங்கே டி ஒத்துப்போனது, குறித்துக்கொண்டார். மூலைவிட்டமாக ஏறியதும் 2. அங்கும் இரு பக்கமும் சமம். மேலே போனார், ப் கிடைத்தது. மறுபடி ஏறினால் 1, மறுபடியும் சமம். மேலே போனார், ப கிடைத்தது. பின்னாலிருந்து சேர்த்தால் ப, ப், டி. நேர்ச்சொல்லில் அது 1, 3, 5-ஆம் இடங்களில் இருக்கிறது. திருப்பிய சொல்லில் 2, 3, 4-ஆம் இடங்களில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான துணைவரிசைதான், மூன்றெழுத்துதான், ஆனால் மாலைமாற்று இல்லை. கடைசிச் சமத்தில் மட்டும் அவர் இடப்பக்கம் திரும்பியிருந்தால் ‘டிப்டி’ கிடைத்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அப்படியானால் நீளம் சரியாக வந்தது தற்செயலா என்ற கேள்வி எழுகிறது. ஒரு பக்கம் சந்தேகமில்லை. சொல்லுக்குள் ஒரு மாலைமாற்று இருந்தால், சொல்லைத் திருப்பும்போது அதுவும் திரும்பும். ஆனால் அது திரும்பினாலும் மாறாதது. ஆகவே அது இரண்டிலும் பொதுவாக இருக்கும். அதாவது பொதுத் துணைவரிசையின் நீளம் மாலைமாற்றின் நீளத்துக்குக் குறையாது. அது கூடிவிடாதா என்பதுதான் சிக்கல். ‘பப்டி’ போன்ற மாலைமாற்று அல்லாத ஒன்று, எந்த மாலைமாற்றையும்விட நீளமாக வந்து நம்மை ஏமாற்றிவிடக் கூடாதல்லவா?

அன்று கரும்பலகையில் ஒரு தெருவை வரைந்தேன். ஐந்து வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஓர் எழுத்து: ப, டி, ப், ப, டி. மேற்கு முனையிலிருந்து ஒருவர் கிழக்கே நடக்கிறார். கிழக்கு முனையிலிருந்து இன்னொருவர் மேற்கே நடக்கிறார். யாரும் பின்வாங்க மாட்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே எழுத்தைத்தான் பொறுக்க வேண்டும். வேண்டாத வீட்டைத் தாண்டிப் போகலாம். கிழக்கிலிருந்து வருகிறவர் பார்ப்பது திருப்பிய சொல்லைத்தானே? ஆகவே இவர்கள் இருவரும் சேர்ந்து பொறுக்குவதுதான் பொதுத் துணைவரிசை. ‘பப்டி’யை இவர்கள் பொறுக்கிய கதையைப் பார்ப்போம். முதல் எழுத்து ‘ப’வை மேற்கத்தியவர் 1-ஆம் வீட்டில் எடுத்தார், கிழக்கத்தியவர் 4-ஆம் வீட்டில் எடுத்தார். இரண்டாவது ‘ப்’பை இருவரும் 3-ஆம் வீட்டு வாசலில் எடுத்தார்கள். மூன்றாவது ‘டி’யை மேற்கத்தியவர் 5-ஆம் வீட்டிலும், கிழக்கத்தியவர் 2-ஆம் வீட்டிலும் எடுத்தார்கள்.

எதிரெதிரே நடக்கும் இருவர் ஓரிடத்தில் ஒருவரையொருவர் கடந்தே தீர வேண்டும். கடப்பதற்கு முன்னால் அவர்கள் எடுத்ததை மட்டும் பாருங்கள். மேற்கத்தியவர் எடுத்த எழுத்துகள் தெருவின் இடப்பக்கம் வரிசையாக இருக்கின்றன. கிழக்கத்தியவர் எடுத்த அதே எழுத்துகள் வலப்பக்கம் தலைகீழ் வரிசையில் இருக்கின்றன. சேர்த்து வாசித்தால் அது ஒரு மாலைமாற்று. கடந்த பிறகு எடுத்ததும் அப்படியே. இப்போது கிழக்கத்தியவர் இடப்பக்கம் வந்துவிட்டார், மேற்கத்தியவர் வலப்பக்கம் போய்விட்டார். அவர்கள் எடுத்தவை இரண்டும் சேர்ந்து இன்னொரு மாலைமாற்று.

கணக்கு இனி எளிது. மொத்தம் L எழுத்து பொறுக்கினார்கள், அதில் கடப்பதற்கு முன்பு k எழுத்து என்று வைத்துக்கொள்வோம். முதல் மாலைமாற்றின் நீளம் 2k. இரண்டாவதன் நீளம் 2(L−k). இரண்டையும் கூட்டினால் 2L. கூட்டுத்தொகை 2L ஆக இருக்கும் இரண்டு எண்களில் ஒன்றாவது L-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே L நீளத்தில் ஒரு பொதுத் துணைவரிசை கிடைத்தாலே, குறைந்தது L நீளத்தில் ஒரு மாலைமாற்றும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டு வாசலில் சந்தித்து ஓர் எழுத்தை எடுத்தால், அந்த எழுத்து இரண்டு மாலைமாற்றுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் கூட்டுத்தொகை 2L-தான் வரும்.

இந்த நிரூபணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது பழுதையும் சரிசெய்துவிடுகிறது என்பதுதான். ‘பப்டி’ கையில் கிடைத்தவருக்கு எடுத்த இடங்களும் தெரியும். கடப்பதற்கு முன் எடுத்தது 1-இலும் 4-இலும் உள்ள ப. சந்தித்த இடம் 3-இல் உள்ள ப். ஆக ‘பப்ப’. கடந்த பிறகு எடுத்தது 2-இலும் 5-இலும் உள்ள டி. அதோடு நடுவில் அதே ப். ஆக ‘டிப்டி’. மாலைமாற்று அல்லாத ஒரு விடைக்குள் இரண்டு மாலைமாற்றுகள் மடிந்து கிடந்தன. இந்த மடிப்பு வேலையைச் செய்ய மனமில்லாதவர்கள், எழுத்துகளையே காட்ட வேண்டிய இடத்தில் முனைகளைப் பார்க்கும் முதல் முறையையே வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஒவ்வொரு முறையும் இரு முனையிலும் ஒரே எழுத்தைத்தான் ஒட்டுகிறோம். ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைப்பது மாலைமாற்றாகவே இருக்கும். நீளம் மட்டும் போதும் என்றால் எந்த வழியும் சரி. சோதித்துப் பார்க்க வழி ஒன்றுதான். கிடைத்த விடையைத் திருப்பிப் போட்டு, அதே விடைதானா என்று ஒப்பிடுங்கள். இந்த ஒரு வரிச் சோதனையை எழுதாததால்தான் பிழை பல நாள் ஒளிந்திருக்கிறது.

எவ்வளவு பெரிய சொல்வரை இது தாங்கும்? 2000-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் பள்ளி மாணவர்களுக்கு இதையே வேறு உருவத்தில் கேட்டார்கள். ஒரு சரத்தில் குறைந்தது எத்தனை எழுத்தை நுழைத்தால் அது முழு மாலைமாற்றாகும் என்பது கேள்வி. அடிப்பதும் நுழைப்பதும் இங்கே ஒரே கணக்குதான். மாலைமாற்றில் சேராத ஒவ்வொரு எழுத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு துணை எழுத்தை வைத்தால் போதும். ‘படிப்படி’க்கு 5−3, அதாவது 2. அப்படி நுழைத்தால் டி-ப-ப்-டி-ப்-ப-டி என்று ஏழெழுத்தில் நிற்கும். அந்தப் போட்டியில் சரத்தின் நீளம் 5000 வரை போகலாம். அதற்கு 5000×5000 அட்டவணை போட்டால் இரண்டரைக் கோடி கட்டம். நேரத்தைப் பொறுத்தவரை அது பெரிய சுமை இல்லை. அன்றைய நினைவகத்தில்தான் அது அடங்காது. தப்பிக்கும் வழி அட்டவணையிலேயே இருக்கிறது. ஒரு வரிசையை நிரப்ப அதற்குப் பக்கத்து வரிசை ஒன்று மட்டும்தான் தேவை. பழையவற்றை அழித்துக்கொண்டே போனால் இரண்டு வரிசைக்கான இடம் போதும். ஆனால் அழித்த பிறகு பின்னோக்கி நடக்கத் தடம் இருக்காது. நீளம் கிடைக்கும், எழுத்துகள் கிடைக்காது.

நீளம் இருமடங்கானால் வேலை நான்கு மடங்காகும் என்ற இந்த வேகத்தைக் கணிசமாக முந்த முடியுமா என்று பலரும் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் கார்ல் பிரிங்மனும் மார்வின் கூனெமனும் காட்டிய முடிவு, அதற்கு வாய்ப்புக் குறைவு என்கிறது. தர்க்கச் சூத்திரங்களைத் தீர்ப்பது பற்றி வல்லுநர்கள் பரவலாக நம்பும் ஒரு கருதுகோள் உண்மையானால், பொதுத் துணைவரிசைக்கும் சரி, மாலைமாற்றுத் துணைவரிசைக்கும் சரி, அப்படிப்பட்ட வழி கிடையாது.

தமிழில் இதை ஓட்டிப் பார்க்கிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். மேலே உள்ள நிரலுக்கு ‘படிப்படி’யை அப்படியே கொடுத்தால் 3 வராது, 5 வரும். காரணம், யூனிகோடில் ‘டி’ என்பது ட, இகரக் குறி என்று இரண்டு குறியீடுகள். ‘ப்’ என்பதும் ப, புள்ளி என்று இரண்டு. நமக்கு ஐந்தெழுத்தாகத் தெரிவது கணினிக்கு எட்டு: ப, ட, இகரக் குறி, ப, புள்ளி, ப, ட, இகரக் குறி. இந்த எட்டுக்குள் ட, ப, புள்ளி, ப, ட என்ற ஐந்தும் அழகான மாலைமாற்று. ஆனால் அதைத் திரையில் காட்டினால் ‘டப்பட’ என்று வரும். அது மாலைமாற்றும் இல்லை. அதைவிட, ‘படிப்படி’யில் ‘ட’ என்ற எழுத்தே கிடையாது. சொல்லில் இல்லாத எழுத்தை விடை என்று நீட்டுகிறது நிரல். ‘விகடகவி’யைக் கொடுத்தால் கதை வேறு மாதிரி போகும். விடை 5 என்று சரியாகவே வரும். ஆனால் சரத்தின் நீளம் 7 என்று கணினி எண்ணுவதால், இது மாலைமாற்று இல்லை, இரண்டை அடிக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடும்.

சொல்லை முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துவிட்டு, அந்தப் பட்டியலை நிரலிடம் கொடுக்க வேண்டும். பைத்தானில் `regex` என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் அது ஒரு வரி வேலை:

```python
import regex
print(lps(regex.findall(r"\X", "படிப்படி")))   # 3
print(lps(regex.findall(r"\X", "விகடகவி")))   # 5
```

நிரலில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது இரண்டு பொருள்கள் ஒன்றா வேறா என்று ஒப்பிடும் வசதி மட்டும்தான். பட்டியலில் இருப்பது ‘டி’ என்ற முழு எழுத்தாக இருந்தால், அதை முழு எழுத்தாகவே ஒப்பிடும்.